வாடகை வீட்டு பி.டி.எஃப்: மூன்று வருட அனுபவமும் ஒரு கப்போர்டு கதவும்

ஆசாரிக்கு 18,000 ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், நண்பரிடமிருந்து வாட்ஸ்அப். "உங்க வீட்டு வாடகை பி.டி.எஃப் நல்லா இருக்குன்னாங்க, அனுப்புங்க, நானும் அதே மாதிரி போட்டுக்கறேன்." அனுப்பிவிட்டேன். நாலாம் பக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மூன்று வருடத்தில் இரண்டு முறை இந்த பி.டி.எஃப்பை வைத்தே குடித்தனத்துக்கு ஆள் பிடித்தேன். ஏழு பக்கம்: படங்கள், தரைப்படம், நிபந்தனைகள். பக்கங்களைச் செல்போன் பிடிக்கிற வாக்கில், நெட்டுக்குத்தாக வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். முதலில் டிவி மாதிரி அகலவாக்கில் போட்டிருந்தேன், யாருக்கும் எழுத்து தெரியவில்லை, எல்லாரும் போன் செய்து "அட்வான்ஸ் எவ்வளவு சார்?" என்றார்கள். மாற்றிய பிறகு அந்த ஃபோன்கள் பாதியாகக் குறைந்தன. இதற்காகவே அதை மன்னிக்கலாம்.

படங்களில் ஒரு பாவம் செய்திருந்தேன். செல்போனில் அறையை அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸில் எடுத்ததால் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நேரில் வந்தவர்கள் வாசலிலேயே முகம் சுருங்கினார்கள். இப்போது சாதாரண லென்ஸ்தான், கதவருகே நின்று நெஞ்சு உயரத்தில். வருகிறவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர்கள் முகம் சுருங்குவதில்லை.

சரி, நாலாம் பக்கம். தரைப்படத்தை நான் அளந்து வரையவில்லை. பில்டர் கொடுத்த பழைய பிளானைப் பார்த்து, அறைகளை வரைந்து, அதிலிருந்த எண்களை அப்படியே எழுதினேன். பெரிய படுக்கையறையின் கிழக்கு மேற்கு 10 அடி. மேற்குச் சுவரில் 2 அடி ஆழத்துக்கு கப்போர்டு. அதையும் ஒழுங்காக வரைந்திருந்தேன், அதுதான் வினை.

போன மாதம் குடிவந்தவர் கணக்கு பார்க்கிற மனிதர். அவர் கட்டில் ஆறரைக்கு ஆறு. தலைமாட்டைக் கிழக்குச் சுவரில் ஒட்டிப் போட்டால் 10 அடியில் கப்போர்டுக்கு 2, கட்டிலுக்கு ஆறரை, மீதி ஒன்றரை அடி. கப்போர்டு கதவின் அகலமும் ஒன்றரை அடி. காகிதத்தில் கச்சிதமாகத் திறக்கிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தார்.

குடிவந்த அன்று சாயங்காலமே போன். "சார், கட்டில் போட்டாச்சு, கப்போர்டு திறக்க மாட்டேங்குது."

டேப் வைத்துப் பார்த்தேன். 9 அடி ஆறரை அங்குலம். பில்டரின் 10 அடி, சுவரின் நடுவிலிருந்து எதிர்ச்சுவரின் நடுவுக்கு எடுத்த அளவு. நாலரை அங்குலச் சுவர்களில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று நாலரை அங்குலம் போயிற்று. இரண்டு பக்கப் பூச்சில் இன்னும் ஒன்று. மிஞ்சியது பன்னிரண்டரை அங்குலம். பதினெட்டு அங்குலக் கதவு கட்டிலில் முட்டி நின்றது. வீட்டை இரண்டு முறை நேரில் பார்த்தவர்தான் அவர். காலி அறையில் ஐந்தரை அங்குலக் குறை யார் கண்ணுக்குத் தெரியும்?

கட்டிலைத் திருப்பிப் போட்டால் அரை அங்குல இடைவெளியில் கதவு திறந்தது. ஆனால் தெற்குச் சுவரில் பாத்ரூம் கதவு. தலைமாட்டை வடக்கே வைக்க வேண்டும். அவருடைய அம்மா அந்த அறைக்குள் வரவே இல்லை. வாசலில் நின்றபடியே "வடக்கே தலை வெச்சு என் பையன் படுக்க மாட்டான்" என்றுவிட்டார். வாதாட முடியுமா? ஸ்லைடிங் கதவு போட்டுக் கொடுத்தேன். அந்த 18,000 இதுதான்.

நண்பரே, நீங்கள் போடுவதானால் பூச்சிலிருந்து பூச்சுக்கு டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு வளைகோடு போடுங்கள். சமையலறை வாசலின் அகலத்தைக் கட்டாயம் குறியுங்கள், நிலைச்சட்டத்தை விட்டுவிட்டு உள்ளே ஃப்ரிட்ஜ் நுழையும் இடத்தை மட்டும்.

நிபந்தனைப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்பதைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். முந்தைய குடித்தனக்காரர் காலி செய்கிற நாளில்தான் அதைப் படித்தார். இப்போது அட்வான்ஸுக்கு நேர் கீழே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் எழுதலாமா என்கிறீர்கள். 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நான் மூன்றுதான் வாங்குகிறேன், அதிலும் கொஞ்சம் பெருமை உண்டு.

மொத்தத்தில் நல்ல ஏற்பாடு, புரோக்கர் கமிஷன் மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் அடுத்த முறை பேசாமல் கேட்டில் ஒரு டூ-லெட் பலகையைத் தொங்கவிடப் போகிறேன்.