விர்ச்சுவல் நாயோட்டத்தில் பந்தயம் கட்டுகிறீர்களா? ரசீதில் உள்ள நேரத்தைப் பாருங்கள்

லண்டனில் பெட்டிங் கடைக்குப் போகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை, அதனால் நேரடியாகவே எழுதுகிறேன். கடைத் திரையில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்ற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் கணினி நாயோட்டத்தில் எனக்கு வரவேண்டிய 25 பவுண் வரவில்லை. தொகை பெரிதில்லை. ஆனால் அதைக் கேட்கப் போன இடத்தில் அந்த ஓட்டம் எந்த நொடியில், எப்படி முடிவாகிறது என்று தெரியவந்தது. அதைத் தெரியாமல் அங்கே காசு கட்டுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இந்தப் பதிவு.

நடந்தது இதுதான். 2:41 ஓட்டத்துக்கு நாலாம் பெட்டி நாய், கறுப்புச் சட்டை, 5/1 விலை, அதாவது ஒரு பவுண் கட்டினால் ஐந்து பவுண் லாபம். சீட்டில் 'அடுத்த ஓட்டம்' என்று எழுதி ஐந்து பவுண் தாளோடு கவுண்டரில் கொடுத்தேன். திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன, இன்னும் ஓட்டம் தொடங்கவில்லை. கவுண்டரில் நின்ற பிள்ளை காசை வாங்கி வைத்துவிட்டு, யாரோ சில்லறை கேட்க அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு என் சீட்டை இயந்திரத்தில் போட்டு ரசீதைத் தந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போது நாய்கள் முதல் வளைவில், கடைசியில் கறுப்புச் சட்டை அரை உடல் தூரத்தில் வென்றது. ரசீதை நீட்டினால், "இது 2:44 ஓட்டத்துக்கான பெட்" என்கிறாள். பார்த்தால் ரசீதில் 2:44 என்றுதான் அச்சாகி இருக்கிறது. அந்த 2:44 ஓட்டத்தில் நாலாம் பெட்டி எங்கேயோ பின்னால் வந்தது, அதைச் சொல்லத் தேவையில்லை.

மேலாளரிடம் கதைத்தேன். "நாங்கள் அடிக்கும்போது 2:41 மூடிவிட்டது, மூடினால் சிஸ்டம் அடுத்த ஓட்டத்தைத்தான் எடுக்கும், சீட்டிலும் அடுத்த ஓட்டம் என்றுதானே இருக்கிறது" என்றார். திரையில் இன்னும் நொடி மிச்சம் இருந்ததே என்று கேட்டதற்கு, "திரை கணக்கில்லை" என்றார். அந்த வார்த்தைதான் என்னை விசாரிக்க வைத்தது, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

கடைத் திரையில் நீங்கள் பார்ப்பது எங்கேயோ உள்ள ஒரு சர்வரிலிருந்து அனுப்பப்படும் படம். படம் வந்து சேரச் சில நொடி தாமதமாகலாம். பந்தயத்தை மூடுவதோ அந்தச் சர்வரின் கடிகாரம். திரையில் மூன்று, இரண்டு என்று இறங்கும்போது உள்ளே ஏற்கெனவே கதவு சாத்தியிருக்கலாம். நிஜ நாயோட்டத்தில் ஒரு நொடி பிந்திக் கட்டினாலும் யாருக்கும் பெரிய நன்மை இல்லை, நாய்கள் இன்னும் வளைவில்கூட முட்டிக்கொண்டிருக்காது. இங்கே கதை வேறு. ஒழுங்காகக் கட்டப்பட்ட சிஸ்டத்தில் பந்தயம் மூடியதும் தற்போக்கு எண் உருவாக்கி, அதாவது குலுக்கல் மாதிரி எண் போடும் நிரல், ஒரு எண்ணை எடுக்கிறது, அந்த எண்ணே முதலாவது யார், இரண்டாவது யார், மூன்றாவது யார் என்பதையெல்லாம் தீர்த்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அந்த முடிவுக்குப் பொருத்தமான படம் ஓடுகிறது. சில தயாரிப்புகளில் முன்பே செய்து வைத்த துண்டுப் படங்களிலிருந்து ஒன்றை எடுப்பார்கள், சிலவற்றில் கணினி அப்போதே வரைந்து காட்டும். எப்படியானாலும் பெட்டிக் கதவு திறக்கும் முன்பே வென்ற நாய் எது என்று சர்வருக்குத் தெரியும். அதனால்தான் மூடிய பிறகு ஒரு நொடிகூட இரக்கம் காட்ட மாட்டார்கள். காட்டினால், முடிவு தெரிந்தவன் எவனாவது உள்ளே கட்டிவிடுவான்.

ஆகவே கடைசி வளைவில் "ஓடு ஓடு" என்று கத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முடிவுக்கோட்டில் மூக்கு நீளத்தில் தோற்றாலும், கடைசியாக வந்து தோற்றாலும் இரண்டும் ஒன்றுதான். 'கிட்டத்தட்ட வந்துவிட்டது' என்ற உணர்வைத் தருவது படம் மட்டுமே. அடுத்த ஓட்டத்துக்கு அந்த நாய் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதில் எந்தச் சேதியும் கிடையாது. நாயே கிடையாது, பிறகு எங்கே நிலை? விர்ச்சுவல் குதிரை ஓட்டத் திடல்களுக்குப் போர்ட்மேன் பார்க், ஸ்பிரிண்ட்வேலி என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள், அந்த ஊர்களை வரைபடத்தில் தேடாதீர்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் கிராண்ட் நேஷனல் ரத்தானபோது ஐடிவியில் ஒரு விர்ச்சுவல் ஓட்டம் காட்டினார்களே, பாட்டர்ஸ் கார்னர் வென்றது, அதிலாவது உண்மையான குதிரைகளை வைத்துக் கணித்தார்கள். கடையில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் முடிவைத் திரித்துத்தான் காசு பண்ணுகிறார்களா என்று பலர் கேட்கிறார்கள். உரிமம் உள்ள இடத்தில் அதற்குத் தேவையே இல்லை, விலையிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஆறு நாய்க்குத் திரையில் இப்படி விலை போட்டிருக்கிறது என்று வையுங்கள்: 5/2, 3/1, 4/1, 5/1, 6/1, 8/1. 5/1 என்றால் ஆறில் ஒரு வாய்ப்பு, அதாவது 16.7 சதவீதம். 5/2 என்றால் ஏழில் இரண்டு, 28.6 சதவீதம். இப்படியே ஆறையும் மாற்றிக் கூட்டிப் பாருங்கள், 100 வரவேண்டும், ஆனால் ஏறக்குறைய 115.6 வரும். மேலே நிற்கும் அந்தப் பதினைந்து சொச்சம்தான் கடையின் பங்கு. 115.6 கட்டினால் 100 திரும்பும் என்ற விகிதம் இது, ஆகவே நீண்ட காலக் கணக்கில் நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100 பவுணிலும் 86.50 அளவுதான் திரும்பி வரும். ஆறு நாய்க்கும் அந்தப் பங்கைச் சமமாகப் பரப்பியிருந்தால், என் 5/1 நாய்க்கு உண்மையில் இருந்தது ஆறில் ஒன்று அல்ல, ஏழில் ஒன்று மாதிரி.

நிஜ ஓட்டத்திலும் இப்படி ஒரு பங்கு உண்டுதான். ஆனால் அங்கே விலை போடுகிறவர் ஊகிக்கிறார், அவர் ஊகம் பிழைக்கலாம், நாயைப் பற்றி அவரை விட நன்றாகத் தெரிந்தவன் ஒருவன் இருக்கலாம். இங்கே வாய்ப்பை எழுதினவர்களே விலையையும் எழுதுகிறார்கள். அதோடு வேகத்தையும் பாருங்கள். மணிக்கு இருபது ஓட்டம், ஓட்டத்துக்கு இரண்டு பவுண் என்றாலே மணிக்கு நாற்பது பவுண் கை மாறுகிறது, அதில் சராசரியாக 5.40 போகும். ஒரு நாள் வெல்லலாம், ஒரு நாள் நாற்பதும் போகலாம், ஆனால் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு அந்தச் சராசரியிலிருந்து தப்ப வழி இல்லை.

இதைக் கடைக்கு வெளியில் நின்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொருவர் வந்தார், நம் ஆள்தான். "அண்ணை, கவலைப்படாதீங்க, இதுக்கு ஒரு சுற்று இருக்கு, அடுத்த ரேஸ் ரிசல்ட் தாற ஒரு குரூப்பில சேர்த்து விடுறன், முதல் மூண்டும் ஃப்ரீ" என்றார். தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள், கடை எடுக்கிற பங்கை விட இதில்தான் வீடு போகும். அவர்கள் செய்வது இது. 216 பேருடைய எண்ணை வைத்துக்கொண்டு ஆறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒவ்வொரு நாயைத் தனித்தனியாக அனுப்புவார்கள். எது வென்றாலும் 36 பேருக்குச் சரியாக வந்திருக்கும். அந்த 36 பேரைத் திரும்ப ஆறாகப் பிரித்தால் அடுத்த ஓட்டத்தில் ஆறு பேர் மிஞ்சுவார்கள், மூன்றாவதில் ஒருவர். அந்த ஒருவருக்கு மூன்று ஓட்டம் வரிசையாகச் சரியாகச் சொன்ன மகான் இவர். இந்த மகான் கேட்கிற சந்தாவை அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார். மற்ற 215 பேர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, எனவே யாருக்கும் தெரிய வராது.

'சுற்று', அதாவது முடிவுகள் ஒரு ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அவர் சொல்வதும் பொய். பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் இணையச் சூதாட்டத் தொழில்நுட்ப விதிகளில், முடிவு தற்போக்காக இருக்கவேண்டும், முன்னைய முடிவுகளைப் பார்த்து அடுத்ததை மாற்றக்கூடாது என்று இருக்கிறது. மிகக் குறைந்த விலையுள்ள நாய் பத்து ஓட்டமாக வரவில்லை, இனி வந்தே ஆகவேண்டும் என்று இரட்டித்துக் கட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன 5/2 நாய்க்கு உண்மை வாய்ப்பு நாலில் ஒன்று மாதிரி. அது பத்து ஓட்டம் வரிசையாகத் தோற்பதற்கான வாய்ப்பு ஆறு சதவீதத்துக்குக் கிட்ட. நாள் முழுக்க ஓடுகிற திரையில் அப்படி ஒரு வரிசை வருவது சாதாரணம், பதினோராவது ஓட்டத்திலும் அதே நாலில் ஒன்றுதான்.

சரி, உரிமம் இல்லாத செயலிகளைப் பற்றி. அங்கே நான் மேலே சொன்ன எதையும் நம்ப வேண்டாம். பந்தயம் மூடிய பிறகு, எந்த நாயில் எவ்வளவு காசு குவிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவை எடுத்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை, சோதித்துச் சான்று கொடுத்த ஆய்வுக்கூடமும் இல்லை. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு, 2025 ஆகஸ்டில் வந்த சட்டப்படி பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளே அங்கே தடை. ஆகவே விர்ச்சுவல் கிரிக்கெட், விர்ச்சுவல் குதிரை என்று உங்கள் கைபேசிக்கு லிங்க் வந்தால் அது வெளியூர்க்காரனுடையது, காசு நின்றுவிட்டால் முறையிட வாசல் இல்லை. பிரிட்டனில் உரிமம் உள்ளவை ஆணையத்தின் இணையதளத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் இருக்கும், பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

என் பிணக்கு என்னாயிற்று என்றால், தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கேட்டது இரண்டே விடயம்: 2:41 ஓட்டம் சர்வரில் மூடிய நேரம், என் சீட்டு இயந்திரத்தில் ஏறிய நேரம். கவுண்டர்க் கேமராப் படத்தில் நான் காசு கொடுத்த நேரத்தையும் பார்க்கச் சொன்னேன். ஓட்டம் மூடிய பிறகுதான் சீட்டு ஏறியது, ஆனால் ஊழியர் அதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டு, நல்லெண்ணத்துக்காக ஐந்து பவுணைத் திருப்பித் தந்தார்கள். 25 தரவில்லை. இதை மேலே கொண்டுபோக விரும்பினால் சூதாட்ட ஆணையத்துக்கு எழுதிப் பயனில்லை, அவர்கள் தனிநபர் பிணக்கைத் தீர்ப்பதில்லை. நிறுவனத்திடம் இறுதிப் பதில் வாங்குங்கள், அல்லது எட்டு வாரம் பார்த்துவிட்டு அந்த நிறுவனம் சேர்ந்திருக்கிற தீர்ப்பாளரிடம் போங்கள். பல கடைகளுக்கு அது ஐபாஸ் என்கிற அமைப்பு, வாடிக்கையாளருக்குச் செலவில்லை. ரசீது கையில் இல்லாமல் போனால் ஒன்றும் நடக்காது, அந்த அச்சு சில மாதத்தில் மங்கும், உடனே படம் எடுத்து வையுங்கள்.

கட்டியே ஆகவேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒன்று. சீட்டில் 'அடுத்த ஓட்டம்' என்று எழுதாமல் திடலின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். ரசீது கைக்கு வந்ததும் திரையைப் பார்க்கத் திரும்பாமல் அந்த நேரத்தைப் பாருங்கள். வேறு நேரம் அச்சாகி இருந்தால், அந்த ஓட்டம் தொடங்க இன்னும் இரண்டு நிமிடமாவது இருக்கும், கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே ரத்துச் செய்யச் சொல்லிக் காசைக் கேளுங்கள். அதுவும் மூடிவிட்டால் மேலாளர் நினைத்தாலும் முடியாது.