பேங்க் மெசேஜா, டூப்பா? பேரையும் லிங்க்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

போன வாரம் எங்க சித்தப்பா போன்ல ஒரே நாள்ல ரெண்டு மெசேஜ். ஒண்ணு `VM-CBSSBI-S`ங்கற பேர்ல வந்துச்சு, ஏடிஎம்ல 2,000 ரூபா எடுத்தீங்க, மீதி இவ்ளோன்னு சொன்னதோட சரி. இன்னொண்ணு ஒரு பத்து இலக்க செல் நம்பர்ல இருந்து, பான் அப்டேட் பண்ணலன்னா இன்னிக்கு ராத்திரி அக்கவுண்ட் பிளாக்னு, கீழ ஒரு லிங்க். சித்தப்பா பதறினது ரெண்டாவதுக்குதான், அதுலதான் பேங்க் பேர் கொட்டை எழுத்துல இருந்துச்சு.

அனுப்புற பேர்ல, மொத எழுத்து எந்த கம்பெனி நெட்வொர்க் வழியா வந்துச்சுன்னு சொல்லும் (V-ன்னா வோடஃபோன் ஐடியா), ரெண்டாவது எழுத்து எந்த வட்டாரம்னு, நடுவுல இருக்கறது பேங்க் பதிவு பண்ணி வாங்கின பேரு. 2025-ல இருந்து கடைசில ஒரு எழுத்து சேத்துட்டாங்க, P-ன்னா விளம்பரம், S-ன்னா சேவை, T-ன்னா ஓடிபி மாதிரி பரிவர்த்தனை, G-ன்னா அரசாங்கம். அப்ப "அக்கவுண்ட் பிளாக்"னு சாதா செல் நம்பர்ல வந்தா யோசிக்கவே வேணாம், டூப்புதான். ஆனா பேர் சரியா இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க. போலி டவர் மாதிரி ஒரு கருவிய வச்சு பக்கத்துல இருக்கற போனுக்கெல்லாம் எந்த பேர்ல வேணா அனுப்புறாங்க, நம்ம போனும் அத பழைய நிஜ மெசேஜ்களுக்கு கீழயே கொண்டுபோய் சேத்துடுது.

அதனால என்னோட ஓட்டு லிங்க்குக்குதான். இந்த மூணையும் பாருங்க:

```
https://sbi.bank.in/
https://sbi.bank.in.pan-update.xyz/login
https://sbi-bank.in/kyc
```

`https://` முடிஞ்ச எடத்துல இருந்து அடுத்த சாய்வுக்கோடு வரைக்கும்தான் முகவரி, அதையும் அந்த கோட்டுல இருந்து பின்னாடியா படிக்கணும். ரெண்டாவதுல கோட்டுக்கு முன்னாடி நிக்கறது `pan-update.xyz`, அதுதான் வீட்டுக்காரன், முன்னாடி இருக்கற பேங்க் பேரெல்லாம் அவன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கிட்டது. மூணாவதுல புள்ளிக்கு பதிலா ஒரு சின்ன கோடு, அவ்ளோதான், ஆனா ஆளே வேற. `.bank.in`ல முடியற முகவரிய ரிசர்வ் பேங்க் விதிப்படி பேங்க்குக்கு மட்டும்தான் தருவாங்க, பேங்க்குகளும் 2025 அக்டோபர் 31-க்குள்ள அதுக்கு மாறணும்னு சொல்லியிருந்தாங்க.

சில பேங்க் சுருக்கின லிங்க்கும் அனுப்புது, அதுல இந்த கணக்கு உதவாது, தொடாம பேங்க் ஆப்ப நாமளே தொறந்து பாக்கறதுதான் வழி. லிங்க் கடைசில `.apk`னு இருந்தா எந்த பேர்ல வந்தாலும் எறக்காதீங்க, அது ஒரு ஆப், போனுக்கு உள்ள போய் ஓடிபி எல்லாத்தையும் படிச்சுடும்.

சித்தப்பா அந்த லிங்க்க தொடல, ஆப்ப தொறந்து பாத்தாரு, பான் ஏற்கனவே சேந்துதான் இருந்துச்சு. பணம் போயிருந்தா அந்த நிமிஷமே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்கு அடிக்கணும்னு நம்பர சேவ் பண்ணி குடுத்துட்டு வந்தேன்.