ஆலைக்கு வரி சரி, தெருவிளக்குக்கு மானியம் ஏன் போதாது?

சிங்கப்பூரில் ஏ நிலைப் பொருளியல் எழுதும் மாணவர்கள் பலர், புகை கக்கும் ஆலையையும் தெருவிளக்கையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். ஆலை தீமை செய்கிறது, வரி போடு. விளக்கு நன்மை செய்கிறது, மானியம் கொடு. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் மதிப்பெண் போகிறது.

முதலில் ஆலை. விலை வெள்ளியில், அளவு டன்னில். வாங்குவோர் தர முன்வரும் விலை P = 100 − Q என்றும், ஆலையின் இறுதிநிலைத் தனியார் செலவு 20 + Q என்றும் வைத்துக்கொள்வோம். சந்தை 40 டன்னில், 60 வெள்ளி விலையில் நிற்கும். ஒவ்வொரு டன்னும் அக்கம்பக்கத்தாரின் நுரையீரலுக்கும் துணி காயும் கொடிக்கும் 20 வெள்ளி சேதம் செய்கிறது என்றால், அதைத் தனியார் செலவின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். சமூகச் செலவு 40 + Q ஆகிறது. இப்போது சரியான அளவு 30 டன், விலை 70 வெள்ளி.

ஆகவே சந்தை 10 டன் அதிகமாகச் செய்கிறது. நல இழப்பு அந்தப் பத்து டன்னுக்கு மட்டும்: ½ × 10 × 20 = 100 வெள்ளி. நாற்பது டன்னின் சேதத்தையும் கூட்டி 800 என்று எழுதுவது வழக்கமான தவறு. முதல் 30 டன்னிலும் சேதம் உண்டு. ஆனால் வாங்குவோர் அடையும் பலன் அந்தச் சேதத்தையும் சேர்த்த செலவைத் தாண்டுகிறது. அதனால் சரியான புகையளவு பூஜ்யம் அல்ல.

பொருளியலாளர் பிகூ 1920இல் முன்வைத்த வழி, டன்னுக்கு 20 வெள்ளி வரி. வாங்குபவர் 70 தருவார், ஆலைக்கு 50 கிடைக்கும், உற்பத்தி 30க்கு இறங்கும். ஆனால் இந்தப் பாடநூல் வரி பொருளின் மேல் விழுகிறது. வடிகட்டி பொருத்தினாலும் வரி குறையாது என்றால் ஆலை ஏன் பொருத்தப் போகிறது? சிங்கப்பூரின் கரிம வரி இந்த ஓட்டையை அடைக்கிறது, ஏனென்றால் அது வெளியேறும் வாயுவின் மேல் விழுகிறது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி 2024இல் 25 வெள்ளிக்கு ஏறியது. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் வெளியிடும் நிலையங்களே அதைக் கட்டுகின்றன.

இனி விளக்கு. ஒரு சந்தில் மூன்று வீடுகள். விளக்கு ஒன்றுக்கு மாதம் 100 வெள்ளி செலவு. முதல் விளக்கை அவ்வீடுகள் 60, 55, 40 என மதிக்கின்றன, இரண்டாவதை 45, 35, 30 என, மூன்றாவதை 30, 20, 15 என. ஒருவர் வெளிச்சத்தில் நடப்பதால் மற்றவருக்கு வெளிச்சம் குறைவதில்லை. ஆகவே மூவரின் மதிப்பையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்: 155, 110, 65. செலவைத் தாண்டுவது முதல் இரண்டும்தான். எனவே இரண்டு விளக்குகள் சரி. இது பொருளியலாளர் சாமுவேல்சன் 1954இல் வகுத்த விதி.

வரைபடத்தில் இங்கேதான் கை தவறும். இதே மூன்று வீடுகளும் இதே மதிப்புகளைத் தரும் ஒரு பொருள் காப்பிக்கடையில் 40 வெள்ளிக்கு விற்றால், முதல் வீடு இரண்டு, மற்ற இரு வீடுகளும் ஆளுக்கு ஒன்று, மொத்தம் நான்கு என்று அளவைப் பக்கவாட்டில் கூட்டலாம். விளக்கை அப்படிக் கூட்டினால் அபத்தம்: ஒரே விளக்கு மூவருக்கும் எரிகிறது.

சந்தை எத்தனை விளக்கு தரும்? ஒன்றுமில்லை. எந்த வீடும் தனியாக 100 தராது. காசு தராதவர் மேல் வெளிச்சம் படாமல் தடுக்கவும் முடியாது, ஆகவே விற்பவர் எவரும் வரமாட்டார். ஆலை விஷயத்தில் சந்தை இருந்தது, அளவுதான் தவறு. இங்கே சந்தையே இல்லை.

பாதி மானியம் தந்து விலையை 50 ஆக்கிப் பாருங்கள். இரண்டாவது விளக்கை எந்த வீடும் 50க்கு மேல் மதிக்கவில்லை, ஆகவே அதிகபட்சம் ஒன்று. அதுவும் நிச்சயமில்லை: 60 மதிப்பவர், 55 மதிப்பவர் வாங்கட்டும் என்று காத்திருப்பார், அவர் இவரைப் பார்த்திருப்பார். மானியத்தை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் அரசே முழுச் செலவையும் ஏற்கும் கதைதான். அதனால் விடைத்தாளில் தெருவிளக்குக்கு "குறை உற்பத்தி" என்று எழுதாமல், "சந்தை வழங்கல் இல்லை, அரசு நேரடியாக வழங்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

இரண்டு தீர்வுகளிலும் அளப்பதுதான் சிக்கல், ஆனால் வேறு வேறு விதத்தில். ஆலையின் வெளியேற்றத்தை அளக்கலாம் அல்லது எரிபொருளிலிருந்து கணக்கிடலாம். அதன் சேதத்துக்கு வெள்ளி மதிப்புப் போடுவதுதான் கடினம். விளக்கின் செலவு தெரியும், வீடுகளின் மதிப்புத் தெரியாது. எவ்வளவு மதிக்கிறீர்கள் என்று கேட்டு அதற்கேற்ப வசூலித்தால் எல்லாரும் குறைத்தே சொல்வார்கள். வீவக புளோக்குகளின் நடைபாதை விளக்குகளுக்கு நகர மன்றம் அப்படிக் கேட்பதில்லை. பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாயமாக்கி, வீட்டின் அளவைப் பார்த்து வசூலிக்கிறது. ஐந்தறை வீடு மூவறை வீட்டைவிட அதிகம் கட்டுகிறது, இரண்டின் வாசலிலும் அதே வெளிச்சம்தான் விழுகிறது என்றாலும்.