திட்டத்தை மாற்றியது அவர்கள், ரத்துக் கட்டணம் எங்களுக்கா?

இந்த முறை விடுமுறைக்கு மட்டக்களப்பு போகும்போது அம்மாவை ஒகந்தை முருகனிடம் கூட்டிப் போக வேண்டும் என்று லண்டனில் இருக்கும்போதே முடிவெடுத்திருந்தோம். இளம் வயதில் அங்கிருந்து குமணக் காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடந்து போனவர் அம்மா. இப்போது முழங்கால் விடுவதில்லை. பிள்ளைகளுக்கோ யானை பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு மூன்று நாள் சுற்றுலாவை, மட்டக்களப்பில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் பதிவு செய்தேன். இங்கினியாகலவில் ஒரு இரவு தங்கி, காலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானை பார்ப்பது. அடுத்த இரவு அறுகம்பை. மூன்றாம் நாள் ஜீப்பில் குமணப் பூங்கா, அதன் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒகந்தைக் கோயில். ஆறு பேருக்கு மொத்தம் 2,40,000 ரூபா. முற்பணம் 96,000 ரூபாவை என் கிரெடிட் கார்டில் கட்டினேன்.

பயணம் யூலை 24. நாங்கள் கல்லடி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, 15ஆம் திகதி பின்னேரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அண்ணா, திட்டத்தில சின்ன மாற்றம். புதுத் திட்டம் அனுப்பியிருக்கு. ஓகே என்றா சொல்லுங்க." திறந்து பார்த்தால் படகுச் சவாரி இல்லை, குளக்கட்டில் ஒரு நடை. இங்கினியாகலத் தங்கல் அம்பாறை நகரத்துக்குப் போயிருந்தது. குமணைக்குப் பதிலாகப் பொத்துவில் களப்பில் படகு. ஒகந்தையின் பெயரே இல்லை. விலை மட்டும் அதே 2,40,000.

கோபத்தில் "அப்படியென்றால் ரத்துச் செய்துவிடுங்கள்" என்று தட்டத் தொடங்கினேன். தம்பி கையைப் பிடித்தான். "பொறுங்க அண்ணா. 'சரி' என்று போட்டாலும் பிழை, 'ரத்து' என்று போட்டாலும் பிழை. முதல்ல நிபந்தனையை எடுத்துப் பாருங்க."

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பது, பதிவின்போது மின்னஞ்சலில் வந்த நிபந்தனைத் தாளை வாசித்தபோதுதான் விளங்கியது. அதில் இரண்டு வேறு வாசகங்கள் இருந்தன. ஒன்று, வாடிக்கையாளர் தன் விருப்பத்தில் ரத்துச் செய்வது பற்றியது. பயணத்துக்கு 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் மொத்தப் பணத்தில் பாதி கட்டணம், 7 நாளுக்குக் குறைவென்றால் முழுவதும். மற்றது, நிறுவனம் செய்யும் மாற்றம் பற்றியது. சின்ன மாற்றங்களை அவர்கள் செய்யலாம். ஆனால் முக்கிய இடத்தை நீக்கினால், தங்குமிடத்தின் தரத்தையோ ஊரையோ மாற்றினால், அது முக்கிய மாற்றம். வாடிக்கையாளர் மூன்று நாளுக்குள் எழுத்தில் மறுக்கலாம். மறுத்தால் கட்டிய காசு முழுவதும் 14 நாளில் திரும்ப வேண்டும். மூன்று நாள் பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும்.

ஆக, காசு முழுதாகத் திரும்புமா இல்லையா என்பது, எந்த வாசகத்தின் கீழ் நாம் விலகுகிறோம் என்பதில்தான் இருந்தது. அடுத்த நாள் காலையே மின்னஞ்சல் அனுப்பினேன். 'ரத்து' என்ற சொல்லை ஓரிடத்திலும் போடவில்லை. "15ஆம் திகதி நீங்கள் அனுப்பிய மாற்றங்கள் உங்கள் நிபந்தனைப்படி முக்கிய மாற்றங்கள். அவற்றை நான் ஏற்கவில்லை. முற்பணம் 96,000 ரூபாவையும் அதே கார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று எழுதி, பழைய திட்டத்தையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்து இணைத்தேன். வாட்ஸ்அப் செய்தியையும் திகதி தெரியப் படம் எடுத்துச் சேர்த்தேன். வாட்ஸ்அப்பில் "மின்னஞ்சல் பாருங்கள்" என்று மட்டும் போட்டேன்.

18ஆம் திகதி வந்த பதில் அம்மாவை நித்திரை கொள்ள விடவில்லை. நான் பயணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ரத்துச் செய்தேனாம். மொத்தத்தில் பாதி 1,20,000. முற்பணம் போக இன்னும் 24,000 ரூபா நான் கட்ட வேண்டுமாம். அவர்கள் தொட்டது முதலாவது வாசகத்தை, நான் எழுதியது இரண்டாவதன் கீழ்.

எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு அடுத்த நாள் தம்பியோடு நேரே அலுவலகம் போனேன். முகாமையாளர் மரியாதையாகத்தான் கதைத்தார். முதலில், "சேர், அது எங்கட கையில இல்லாத காரணம். குளத்தில தண்ணி குறைவு, போட் ஓடல்ல" என்றார். இயற்கை அனர்த்தம் போன்ற காரணங்களுக்கு நிபந்தனையில் விலக்கு இருந்தது உண்மை. ஆனால் தம்பி முதல் நாளே இங்கினியாகலவில் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தான். படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த நாட்களுக்கு வேறு ஆட்கள் சேரவில்லை, எங்கள் ஆறு பேருக்காக மட்டும் படகும் ஜீப்பும் பிடித்தால் கட்டாது என்று ஒத்துக்கொண்டார். ஆள் சேராதது நிறுவனத்தின் வியாபாரக் காரணம். அந்த விலக்குக்குள் அது வராது.

அப்புறம் அதே தொகைக்கு ஒரு வருடம் செல்லுபடியாகும் வவுச்சர் தருவதாகச் சொன்னார். நிபந்தனையில் 'திருப்பிக் கொடுத்தல்' என்றுதான் இருக்கிறது, வவுச்சர் என்று இல்லை என்று காட்டினேன். கடைசியாக, கார்டுக்கு வங்கி எடுக்கும் 3 வீதத்தைக் கழிக்கலாமா என்றார். அதுவும் தாளில் இல்லை. 21ஆம் திகதி, 96,000 ரூபாவும் தருவதாக மின்னஞ்சல் வந்தது. அந்த எழுத்து வரும்வரை வாய்ச்சொல்லை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவர்கள் மறுத்திருந்தால் எனக்கு இரண்டு வழி இருந்தது. பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரை விலையுள்ள ஒன்றுக்குக் கிரெடிட் கார்டில் முற்பணம் மட்டும் கட்டியிருந்தாலும், விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் அது பொருந்தும். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு இல்லை. இடையில் வேறொரு முகவர் காசை வாங்கியிருந்தாலும் சிக்கல்தான். இலங்கையில் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு மூன்று மாதம் தருகிறது. விடுமுறை முடிந்து திரும்பி வந்து ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த மூன்று மாதம் போய்விடும்.

காசு ஓகஸ்ட் 4ஆம் திகதி கார்டுக்கு வந்தது. ரூபாவில் முழுதாக வந்தாலும், பணமாற்று விகிதத்தால் பவுணில் சிறிது குறைந்தது. நிபந்தனை ரூபாவைப் பற்றித்தான் பேசுகிறது என்பதால் அதைக் கேட்கவில்லை.

ஒகந்தைக்கு யூலை 24ஆம் திகதியே போனோம். பக்கத்து வீட்டு மாமாவின் வானில் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் தாண்டிப் பாணமை வழியாக. கோயில் பூங்கா வாசலுக்கு வெளியே இருப்பதால் ஜீப்போ நுழைவுச்சீட்டோ தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு யானைப் படகு இந்த வருடம் இல்லாமல் போனதில் எனக்கு இன்னும் கவலை. அம்மா மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தான் அன்றைக்கு நடந்து போன காட்டுப் பாதை எந்தப் பக்கம் தொடங்கியது என்று மூத்த பேத்திக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.