பிளஸ் போட்ட ஜிமெயிலா, தனி அலியாஸா?

ஜிமெயில்ல பேருக்கும் @-க்கும் நடுவுல `+shop`னு சேர்த்து `name+shop@gmail.com`னு ஒரு ஆன்லைன் கடைல சைன்-அப் பண்ணா மெயில் வழக்கமான இன்பாக்ஸுக்கே வந்துடும், செட்டப் எதுவுமே வேண்டாம். நாளைக்கு சம்பந்தமே இல்லாத லோன் ஸ்பாம் வந்து அதோட `To:` வரில அந்த `+shop` இருந்தா, அட்ரஸ் அந்தக் கடை வழியாத்தான் வெளிய போயிருக்குனு ஓரளவு தெரிஞ்சுடும்.

ஆனா மெயின் அட்ரஸ் அதுலயே அப்பட்டமா தெரியுதே. லீக் ஆன லிஸ்ட்ட வச்சிருக்கவன் பிளஸ்ல இருந்து @ வரைக்கும் வெட்டிட்டா ஒரிஜினல் கையில, எங்க இருந்து போச்சுங்கற தடயமும் காலி. சில சைட் ஃபார்ம் பிளஸ்ஸயே ஏத்துக்காது, அது வேற கடுப்பு.

சிம்பிள்லாகின், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே மாதிரி சர்வீஸ்ல சைட்டுக்கு ஒரு அலியாஸ், அதாவது வர்ற மெயில உங்க இன்பாக்ஸுக்கே தள்ளிவிடற தனி அட்ரஸ், போட்டா வெட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, மெயின் அட்ரஸ் வெளிய தெரியாது, ஸ்பாம் ஆரம்பிச்சா அந்த ஒண்ண மட்டும் ஆஃப் பண்ணிடலாம். ஆனா ஆஃப் பண்ணா அந்த சைட்டோட பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலும் வராது, அதனால முதல்ல அங்க அட்ரஸ மாத்திடுங்க. சர்வீஸே மூடிட்டா எல்லா அலியாஸும் போச்சு, அலியாஸ சொந்த டொமைன்ல போட்டிருந்தா மட்டும் தப்பிக்கலாம்.

நியூஸ்லெட்டருக்கு பிளஸ் போதும், ஷாப்பிங்குக்கு அலியாஸ்தான் என் ஓட்டு.