6 வோல்ட்டா, 12 வோல்ட்டா: பழைய டைனமோ பைக்குக்கு மூன்று வழிகள்

மேக்னெட்டோவில் தீப்பொறி, 60 வாட் லூகாஸ் E3L டைனமோவில் விளக்கு என்று ஓடும் பழைய பிரிட்டிஷ் பைக்கை எடுத்துக்கொள்வோம். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, பேட்டரி நிற்பதில்லை. இதற்கு மூன்று வழிகள் உண்டு. 6 வோல்ட்டையே வைத்து வயரிங்கை முழுதாகப் புதுப்பிக்கலாம். அதே டைனமோவை 12 வோல்ட்டுக்கு ஓட்டலாம். டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதே வடிவில் பொருந்தும் ஆல்டர்னேட்டரைப் போடலாம்.

முதலில் மங்கலுக்குக் காரணம் எது என்று கணக்குப் போட வேண்டும். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 5.8 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஹெட்லைட்டுக்குப் போய்த் திரும்பும் வழி 3 மீட்டர் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் வயரின் தடை சுமார் 0.054 ஓம். துருவேறிய சுவிட்ச், தளர்ந்த புல்லட் இணைப்பு, பெயின்ட்டின் மேல் உட்கார்ந்த எர்த் எல்லாம் சேர்ந்து இன்னும் 0.1 ஓம் என்று வையுங்கள். மொத்தம் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதாவது 15 சதவீதம். இழைப் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4 அடுக்காகக் குறையும் என்பதால், நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் வெளிச்சம் காணாமல் போகிறது. அதே 0.154 ஓம் தடையில் 12 வோல்ட் 35 வாட் பல்பு 2.9 ஆம்பியர்தான் இழுக்கும். இழப்பு 0.45 வோல்ட், வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதம். 12 வோல்ட்டின் ஆதாயம் இவ்வளவுதான்: கெட்ட இணைப்பை அது பொறுத்துக்கொள்கிறது. டைனமோவின் திறன் கூடிவிடுவதில்லை.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் வயரிங் வேலை ஒன்றுதான். அதைச் செய்யாமல் வோல்ட்டை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குழாயில் அழுத்தத்தைக் கூட்டுவது மாதிரி. டைனமோ, ரெகுலேட்டர், அம்மீட்டர், பேட்டரி இவற்றுக்கிடையே 2 சதுர மில்லிமீட்டர் வயரும், விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டரும் போடுங்கள். 6 வோல்ட்டில் நிற்பதானால் ஹெட்லைட்டுக்கும் 2 போடுங்கள். ஹெட்லைட் கூட்டிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி வயர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் ஸ்டியரிங் பேரிங்கின் கிரீஸ் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது விளக்கு சிமிட்டினால் காரணம் பெரும்பாலும் அதுதான். முனைகளைக் கிரிம்ப் செய்வதே நல்லது. ஈயம் பற்றவைத்தால் அது இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒடியும்.

6 வோல்ட்டிலேயே நிற்பது யாருக்குப் பொருந்தும்? பெரும்பாலும் பகலில் ஓட்டுபவருக்கும், பழைய தோற்றத்தைத் தொட விரும்பாதவருக்கும். இயந்திர ரெகுலேட்டரில், டைனமோ நின்றதும் பேட்டரியைப் பிரித்துவிட வேண்டிய கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் பாயும், வயர் உருகும். அதனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒளித்து வைக்கக்கூடிய 6 வோல்ட் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் போட்டுவிடலாம். குறை ஒன்று: நல்ல 6 வோல்ட் பல்புகளிலும் எல்.ஈ.டி.களிலும் தேர்வு குறைவு.

இரண்டாவது வழியையே நாங்கள் பெரும்பாலும் பரிந்துரைப்போம். டைனமோவைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதில்லை, 12 வோல்ட் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போதும். பழைய இயந்திர ரெகுலேட்டரைத் திருகி 12 வோல்ட்டுக்கு ஏற்றப் பார்க்கவே கூடாது. டைனமோவுக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலின் தடை சுமார் 2.8 ஓம். 14 வோல்ட் நேராகவே விழுந்தால் 5 ஆம்பியர், 70 வாட் வெப்பம். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஃபீல்டைத் துண்டு துண்டாகத் திறந்து மூடி அதைக் கட்டுக்குள் வைக்கும். பேட்டரி, எல்லா பல்புகள் (ஸ்பீடோமீட்டர் பல்பு உட்பட), ஹாரன் ஆகியவை மாற வேண்டும். அம்மீட்டரும் சுவிட்சுகளும் மேக்னெட்டோவும் அப்படியே இருக்கலாம்.

இந்த வழியின் விலை கீழ் வேகத்தில் தெரியும். அதே டைனமோ 14 வோல்ட்டை எட்ட இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். 60 வாட் என்பது 14 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர்தான். ஹெட்லைட் 35, பின்விளக்கு 5, ஸ்பீடோ 2 என்று 42 வாட் போனால் மிச்சம் 18. பிரேக் விளக்கின் 21 வாட் எரியும்போது அதுவும் போதாது, ஆனால் அது சில நொடிகள்தான், பேட்டரி தாங்கும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு டாப் கியரில் ஓட்டி, அம்மீட்டர் முள் எந்த வேகத்தில் பூஜ்யத்தைத் தாண்டுகிறது என்று பாருங்கள். அது உங்கள் வழக்கமான வேகத்துக்கு மேலே இருந்தால் எல்.ஈ.டி. பல்பு போடுங்கள். சில மாடல்களில் டைனமோவின் ஸ்பிராக்கெட்டைச் சிறிதாக்கியும் சரிசெய்யலாம். காயில் இக்னிஷன் பைக்காக இருந்தால் கணக்கே வேறு: காயிலும் பங்கு கேட்கும், ஊருக்குள் ஓட்டினால் இழைப் பல்புக்கு மின்சாரம் மிஞ்சாது.

ஆல்டர்னேட்டர் இரவில் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கானது. கீழ் வேகத்திலும் நன்றாகச் சார்ஜ் ஆகும், கம்யூட்டேட்டரும் பிரஷும் கிடையாது. செலவு மிக அதிகம். டைனமோ நல்ல நிலையில் இருக்கும்போது இது தேவையா என்று யோசியுங்கள். ஏற்கெனவே லூகாஸ் ஆல்டர்னேட்டர் உள்ள 6 வோல்ட் பைக் என்றால் வேலை சுலபம்: மூன்று வயரில் பச்சை-கறுப்பையும் பச்சை-மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்து, வெள்ளை-பச்சையோடு 12 வோல்ட் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையருக்குக் கொடுத்தால் போதும், ஸ்டேட்டர் அதேதான்.

இரண்டாவது வழியில் போவதானால் டைனமோவைச் சோதித்துவிட்டே ரெகுலேட்டரை வாங்குங்கள். டைனமோ மின்சாரத்தை வெளியே தரும் D, ஃபீல்டு காயிலுக்குப் போகும் F ஆகிய வயர்களைக் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, எர்த்துக்கும் அவற்றுக்கும் இடையே மீட்டரை வைத்து எஞ்சினை மெல்ல உயர்த்துங்கள். முள் தயங்காமல் சீராக ஏற வேண்டும். 14 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அரை வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயிலையும், ஒன்றரை வோல்ட் அளவில் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகியுங்கள். மூடியின் உட்புறம் ஈயத் துளிகள் தெறித்திருந்தால் ஆர்மேச்சர் முன்பே அதிகச் சுமையில் வெந்திருக்கிறது.

அடுத்தது துருவம். இந்த பைக்குகளில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் எர்த். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உங்கள் எர்த்துக்குரியதாக இருக்க வேண்டும், துருவம் மாறினால் கணத்தில் போய்விடும். எர்த்தை மாற்றினாலோ டைனமோ புதிதாகப் பிரித்துச் சேர்க்கப்பட்டதாக இருந்தாலோ, ரெகுலேட்டரை இணைக்கும் முன் D, F வயர்களைக் கழற்றிய நிலையில், பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை F முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். டைனமோ புதிய துருவத்தை ஏற்றுக்கொள்ளும். ஃபியூஸ் எர்த் அல்லாத வயரில், பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் பைக்கில் அது நெகட்டிவ் வயர். 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர், 6 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது ஃபியூஸைப் போடாதீர்கள். அந்த இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது அது எரியவே கூடாது. முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, ஆனால் பல்பே மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால் வயர் கருகாது. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அதில்தான் கோளாறு. பல்பு அணைந்தே இருந்தால் ஃபியூஸைப் போட்டு எஞ்சினை எழுப்பி, நடுத்தர வேகத்தில் பேட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.2-க்கும் இடையே நிலைத்து நிற்க வேண்டும்.