பேதிக்கு லோப்பரமைடா, ரேஸ்கடோட்ரிலா, வெறும் கரைசலா?

வயது வந்த ஒருவருக்குக் காலையிலிருந்து நான்கு முறை தண்ணீராகப் போயிருக்கிறது. காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, வயிறு லேசாக முறுக்குகிறது. சில மணி நேரத்தில் ஒரு நீண்ட பயணம் கிளம்பியாக வேண்டும். மருந்துக் கடையில் அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: ஓ.ஆர்.எஸ். பொடி, லோப்பரமைடு, ரேஸ்கடோட்ரில். மூன்றும் "பேதிக்கு" என்றே கேட்கப்படுகின்றன, ஆனால் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. அதைப் புரிந்துகொண்டால் எதை எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்பது விளங்கிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தயாரான பொடியில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சாதாரண உப்பும் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் இருக்கும், சிட்ரேட்டும் உண்டு. குடல் செல்கள் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது சோடியமும் கூடவே போகும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகும். பேதி நடந்துகொண்டிருக்கும் குடலிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. ஒவ்வொரு முறை போனதும் 200 முதல் 400 மில்லி குடித்தால் போதும். அந்த 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடை நினைவில் வையுங்கள், இதயத்தைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

லோப்பரமைடு குடலின் அசைவைக் குறைக்கிறது. குடல் சுவருக்குள் இருக்கும் நரம்பு வலையில் ஓபியம் வகை மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பிகள் உண்டு. இதுவும் அவற்றில்தான் ஒட்டுகிறது. உள்ளே இருப்பது மெதுவாக நகர்வதால் தண்ணீரை உறிஞ்ச குடலுக்கு நேரம் கிடைக்கிறது. ஆசனவாய்த் தசையும் இறுகுவதால் அவசரம் குறைகிறது. வழக்கமான அளவில் இது ரத்தத்தில் கலப்பதே மிகக் குறைவு. அப்படிக் கலந்த கொஞ்சத்தில் பெரும்பகுதியையும் மூளைக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளும் ஒரு புரதம் மூளையின் ரத்த நாளச் சுவரில் இருக்கிறது. ஓபியம் குடும்பத்து மருந்து என்றாலும் சொன்ன அளவில் போதை தராததற்கு இதுவே காரணம்.

ரேஸ்கடோட்ரில் அசைவைத் தொடுவதில்லை, குடல் தண்ணீரைச் சுரப்பதைக் குறைக்கிறது. நம் குடலே உண்டாக்கும் என்கெஃபலின் என்ற பொருளுக்கு நீர்ச் சுரப்பை அடக்கும் குணம் உண்டு. அதைச் சிதைக்கும் நொதியை இந்த மருந்து தடுப்பதால், அந்தப் பொருள் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கிறது. குடல் தன் வேகத்திலேயே ஓடுவதால் பின்னால் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் குறைவு. பெரியவர்களுக்கு 100 மி.கி. கேப்ஸ்யூல், நாளுக்கு மூன்று வேளை. ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது. உதடும் நாக்கும் தொண்டையும் திடீரென வீங்கும் ஆபத்து அந்தக் கூட்டணியில் கூடுகிறது.

நம் பயணிக்கு நான் சொல்வது: கரைசல் கட்டாயம், கூடவே லோப்பரமைடு. கழிவறை இல்லாத சில மணி நேரத்தைக் கடக்க அது ஏற்ற மருந்து. பயணம் இல்லை, வீட்டில்தான் இருக்கப் போகிறார் என்றால் கரைசலே போதும் என்பேன். கூட ஒரு மாத்திரை வேண்டுமென்றால் ரேஸ்கடோட்ரில். இது என் தேர்வு. இரண்டும் சாதாரண பேதியின் காலத்தைக் குறைக்கும் மருந்துகள்தாம்.

இனி அளவைக் கவனியுங்கள், தவறு தொடங்கும் இடம் அதுதான். லோப்பரமைடு ஒரு கேப்ஸ்யூல் 2 மி.கி. முதலில் இரண்டு, அதாவது 4 மி.கி. பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பின்னும் ஒன்று. மருந்துச் சீட்டு இல்லாமல் எடுப்பவருக்கு 24 மணி நேரத்துக்கு 8 மி.கி. என்பதே பாதுகாப்பான வரம்பு, இரண்டு நாளுக்கு மேல் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் 16 மி.கி. வரை போகலாம். நம் பயணி காலை 7 மணிக்கு இரண்டு போட்டார். 9.30க்கு ஒருமுறை போனது, ஒன்று. 12 மணிக்கு மறுபடி, இன்னொன்று. கணக்கு 8 மி.கி. ஆகிவிட்டது. 3 மணிக்கு மறுபடி போனாலும் இன்று இனி மாத்திரை கிடையாது, கரைசல் மட்டும்.

அந்த 3 மணிக்குத்தான் கை தானாக மாத்திரை அட்டையைத் தேடும். "கேட்கவே இல்லையே" என்று தோன்றும். உண்மையில் கேப்ஸ்யூல் வடிவில் விழுங்கிய லோப்பரமைடு ரத்தத்தில் உச்சத்தை எட்டவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ 11 மணி நேரம். 12 மணிக்குப் போட்டது 3 மணிக்கு முழுதாக வேலையைத் தொடங்கியிருக்காது. பொறுமையிழந்து போடும் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஏறி உட்காரும்.

சரியான அளவில்கூட இந்த மருந்து ஆபத்தாகும் நிலைகள் உண்டு. மலத்தில் ரத்தம் அல்லது சளி கலந்த சீதபேதி, கடும் காய்ச்சல், பெருங்குடல் புண் நோய் தீவிரமாகியிருக்கும் நேரம், வயிறு ஏற்கெனவே உப்பியிருப்பது இவற்றில் முக்கியமானவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இன்னொரு நிலையைப் பலர் யோசிப்பதில்லை. பல் வலிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஒருவர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நாளுக்கு எட்டு முறை தண்ணீராகப் போகிறது, கூடவே காய்ச்சல். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளை அழித்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, பெருங்குடலுக்குள் நஞ்சைச் சுரந்துகொண்டிருக்கக்கூடும். அந்த நஞ்சு வெளியேற இருக்கும் ஒரே வாசல் பேதி. அவர் லோப்பரமைடு போடுகிறார். மாலைக்குள் போவது நின்றுவிடுகிறது, நிம்மதியாகப் படுக்கிறார். மறுநாள் வயிறு முரசுபோல் விறைத்திருக்கிறது, விரலால் தட்டினால் காலிக் குடம்போல் ஒலிக்கிறது, காற்றுகூடப் பிரியவில்லை, நாடி வேகமாக ஓடுகிறது, ஆள் சோர்ந்து குழறுகிறார். எக்ஸ்ரேயில் பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேல் விரிந்து கிடந்தால் அது நச்சுப் பெருங்குடல் வீக்கம். குடல் கிழியக்கூடிய நிலை அது, வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது. இங்கே ரேஸ்கடோட்ரிலும் விடையாகாது. மலப் பரிசோதனையும் அந்தக் கிருமிக்கான மருந்தும்தான் விடை. மாத்திரை போட்ட பின் பேதி நின்று வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனால் அதைக் குணமென்று எண்ணாதீர்கள்.

இதயத்துக்கு வருகிறேன். லோப்பரமைடு 1976இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதிலிருந்து 2015 வரை, இதனால் வந்த கடுமையான இதயப் பிரச்சினைகளாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு வந்த அறிக்கைகள் 48. அதில் பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் 2010க்குப் பின் வந்தவை. 2016 ஜூனில் அந்த நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. 2019இல், கடையில் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரைப் பெட்டியில் மொத்தமே 48 மி.கி., அதாவது 24 மாத்திரைக்கு மேல் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் அட்டையில் இருக்க வேண்டும் என்று மாறியது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஓபியம் வகைப் பழக்கத்தை விடும்போது வரும் உடல் வேதனையைத் தாங்க முடியாமல், வரம்பைப் பல மடங்கு தாண்டி விழுங்கியவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வேதனைக்கு முறையான சிகிச்சை இருக்கிறது, அது கைக்கு எட்டாதபோதுதான் இந்த அட்டை எட்டுகிறது.

அவ்வளவு அளவில் இதயத்தில் நடப்பது இது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசைச் செல், பொட்டாசியத்தை வெளியே விட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. லோப்பரமைடு அந்தப் பொட்டாசியக் கால்வாயை அடைக்கிறது. அளவு ஏறினால் சோடியக் கால்வாயையும் அடைக்கிறது. செல் தயாராவது தாமதமாகிறது. இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி என்று அளப்பது இந்த நேரத்தைத்தான். நாடி வேகத்துக்குத் திருத்திய கணக்கில் ஆண்களுக்கு 450 மில்லி விநாடிக்குள்ளும் பெண்களுக்கு 460க்குள்ளும் இருப்பது இயல்பு. 500ஐத் தாண்டினால் ஆபத்து. தயாராகாத தசைமேல் அடுத்த துடிப்பு விழும்போது, இ.சி.ஜி. கோடு முறுக்கிய கயிறுபோல் பெரிதாகிச் சிறிதாகிச் சுழலும். அந்த நேரத்தில் இதயம் ரத்தத்தைச் சரியாக வெளியே தள்ளுவதில்லை. ஆள் மயங்கி விழுவார். சிலருக்குக் கை கால் வெட்டி இழுப்பதால் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

பேதியால் உடம்பில் பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே இறங்கியிருந்தால் இந்த இடைவெளி இன்னும் எளிதில் நீளும். கரைசலைக் கட்டாயம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், ரிட்டோனவிர் போன்ற மருந்துகள் லோப்பரமைடை உடலில் கூடுதலாகத் தேக்கிவைக்கும். இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுபவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் ஆகியோருக்கு ஒப்பீட்டில் ரேஸ்கடோட்ரில்தான் மேல், அதுவும் மருத்துவர் சொல்லி. அது குடலின் ஓபியம் ஏற்பிகளில் நேரடியாக ஒட்டுவதில்லை என்பதோடு, லோப்பரமைடுபோல இதயத் துடிப்பைக் கெடுப்பதாக அறியப்படவும் இல்லை.

அளவுக்கு மீறி விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். மூச்சு அடங்குகிறதென்றால் நலோக்சோன் ஊசி மூச்சை மீட்கும், ஆனால் இதயக் கோளாறை அது சரிசெய்யாது. அதற்குத் தொடர் இ.சி.ஜி. கண்காணிப்பு, மெக்னீசியம், பொட்டாசியம், சில வேளை தற்காலிக பேஸ்மேக்கர் வரை தேவைப்படும். மருந்து மெதுவாகவே உடலை விட்டுப் போவதால் ஆபத்து நாள்கணக்கில் தொடரலாம். நன்றாகப் பேசுகிறார் என்று மறுநாளே அழைத்து வந்துவிடக் கூடாது. வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையில் லோப்பரமைடு தெரியாது, அதனால் மருத்துவர் அதை யூகித்தாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். காலியான மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எத்தனை, எத்தனை மணிக்கு, எத்தனை நாளாக என்பதைச் சொல்லுங்கள், சாப்பிடும் மற்ற மருந்துகளின் பெயர்களையும் சேர்த்து.